கோபத்தோடு நிற்பவரிடம் முதல் வார்த்தையாக எதைச் சொல்வது?

கருமபீடத்தார் | 2025 ஜூன் 16, இரவு 8.40

மலையகத்தில் உள்ள ஒரு பிரதேச செயலகத்தில், பிறப்பு, இறப்புச் சான்றிதழ்ப் பிரதிகள் வழங்கும் கருமபீடத்தில் வேலை செய்கிறேன். எந்த அலுவலகம் என்று கேட்க வேண்டாம். வருகிற ஒவ்வொருவரிடமும் "வணக்கம், உங்களுக்கு எவ்வாறு உதவலாம்?" என்று சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குத் தரப்பட்ட அறிவுறுத்தல். அந்த வாசகம் கண்ணாடியின் உட்புறத்தில் ஒரு சிறிய தாளில் ஒட்டப்பட்டும் இருக்கிறது.

கடந்த புதன்கிழமை பக்கத்துக் கருமபீடத்துக்கு ஓர் அம்மா வந்தார். வெளியே விடியற்காலையிலிருந்து மழை. குடையிலிருந்து நீர் சொட்ட, பொலித்தீன் பைக்குள் மடித்து வைத்திருந்த விண்ணப்பத்தை எடுத்து, கண்ணாடியின் கீழுள்ள இடைவெளிக்குள் வேகமாகத் தள்ளினார். என் சக ஊழியர் நல்ல மனிதர்; முகம் மலர்ந்து அந்த வாசகத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னார். "போன கெழமையும் நீங்கதானே இதையே கேட்டீங்க?" என்றார் அந்த அம்மா. வரிசையில் நின்ற எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு என்ன சொல்லியும் அவரைப் பேச்சுக்குக் கொண்டுவர வெகுநேரம் பிடித்தது.

அந்த வாசகத்தில் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் ஏற்கெனவே வந்து திரும்பிப் போனவரிடம் முதன்முறையாக வந்தவரிடம் சொல்வதைச் சொன்னால், அவர் அலைந்த அலைச்சல் நடக்கவே இல்லை என்று சொன்னதாகிவிடுகிறது என்பது என் எண்ணம். கோபத்தோடோ அவசரத்தோடோ வருகிற ஒருவரை, அவருடைய மனநிலையைக் காணாததுபோல் கடந்து போகாமலும், மனப்பாடம் செய்ததை ஒப்பிக்காமலும் எப்படி வரவேற்பது? பழகியவர்கள் சொல்லுங்கள்.

விடுதி முகப்பு, நுவரெலியா | ஜூன் 16, இரவு 9.25

பல ஆண்டுகளாக விடுதி வரவேற்புப் பகுதியில் புதியவர்களைப் பழக்குகிறேன். இரண்டு விடயங்களைச் சொல்கிறேன். முதலாவது, கோபத்தில் இருப்பவருக்கு முன்னால் புன்னகையோடு தொடங்கக் கூடாது; அது கேலியாகத் தெரியும். உங்கள் நண்பர் சறுக்கியது அங்கேதான். இரண்டாவது, அவருடைய உணர்ச்சியைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்ள வேண்டும். "நீங்கள் கோபமாக இருப்பது எனக்குப் புரிகிறது" என்று சொன்னால், தன்னை இவர் கவனித்துவிட்டார் என்று அவர் உணர்வார். நாங்கள் இதை எல்லோருக்கும் கற்பிக்கிறோம்.

ஓய்வுபெற்ற தாதி, அட்டன் | ஜூன் 17, காலை 6.10

புன்னகையைப் பற்றி மேலே எழுதியவர் சொன்னது சரி. இரண்டாவதை நான் ஏற்க மாட்டேன்.

வெளிநோயாளர் பிரிவில் நீண்ட காலம் வேலை செய்தவள் நான். வரிசையில் பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு பெண்ணிடம் "நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள்" என்று சொன்னால், அவருடைய காதில் விழுவது "நீ கோபக்காரி" என்பதுதான். "எனக்கென்ன கோபம், நான் சும்மாதானே கேட்டேன்" என்று மறுப்பார். மறுத்துவிட்டு உண்மையிலேயே கோபப்படுவார். ஊர்க்காரர்கள் முன்னிலையில் அவரைப் பற்றி ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டோம். "புரிகிறது" என்ற சொல் இன்னும் ஆபத்தானது. என்ன நடந்தது என்று கேட்பதற்கு முன்பே எப்படிப் புரிந்தது?

நான் பழகிக்கொண்ட வழி, உணர்ச்சியை விட்டுவிட்டுக் கண்ணுக்குத் தெரிகிற செய்தியைச் சொல்வது. நனைந்து வந்தவரிடம் "நல்லா நனைஞ்சிட்டீங்களே, இப்பிடி உள்ள தள்ளி நில்லுங்க" என்று சொல்லலாம். அவர் நனைந்திருப்பது உண்மை. யாரும் மறுக்க முடியாது. அவருடைய நிலையை நாம் பார்த்தோம் என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது, கோபத்துக்குப் பெயர் வைக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் அத்தோடு நிறுத்தினால் போதாது. இரண்டாவது வாக்கியம் அவருடைய வேலையைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் மழையைப் பற்றிப் பேசித் தட்டிக்கழிக்கிறார்கள் என்று நினைப்பார்.

தலவாக்கலை இளைஞன் | ஜூன் 17, மதியம் 12.50

கோபமான அதிகாரியிடம் நாம் எப்படி வணக்கம் சொல்ல வேண்டும் என்பதா கேள்வி? அதற்கு எனக்கும் பதில் வேண்டும். என் தந்தை எந்த அலுவலகத்துக்குப் போனாலும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு "சலாங்க ஐயா" என்பார். உள்ளே இருப்பவர் தலையை நிமிர்த்தாமல் "என்ன?" என்பார். வீட்டுக்கு வந்த பிறகுதான் அப்பாவுக்குக் கோபம் வரும். அதையும் எங்களிடம் காட்ட மாட்டார், குடையை மூலையில் வைக்கிற விதத்தில் தெரியும்.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தோட்டத்தில் வேலை செய்பவர் அலுவலகத்துக்கு வந்தால் அன்றைக்குப் பெயர் இல்லை, நாட்சம்பளமும் இல்லை. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளத்தின்படி அது 1,350 ரூபாய். மூன்று முறை வரச் சொன்னால் 4,050 ரூபாய் போய்விடும், பஸ் காசு தனி. அதை அறிந்தவர் சொல்கிற வணக்கத்துக்கும் அறியாதவர் சொல்கிற வணக்கத்துக்கும் வேறுபாடு இருக்கும்.

கருமபீடத்தார் | ஜூன் 17, இரவு 9.05

தம்பி, நான் கேட்டது மறுபக்கத்திலிருந்து. கண்ணாடிக்கு உள்ளே இருப்பவன் எப்படிப் பேச வேண்டும் என்பதுதான் கேள்வி. ஆனால் உங்கள் தந்தையைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்த பிறகு கேள்வியையே கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது. சத்தம் போடுபவரிடம் நாங்கள் கவனமாகப் பேசுகிறோம். கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பவருக்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை. அவரும் அதே 1,350 ரூபாயை விட்டுவிட்டு வந்தவர்தான். மனநிலையைக் கவனிப்பது என்பதைக் குரலின் உயரத்தை மட்டும் வைத்து அளந்தால், அடங்கி நிற்பவர்களைத் தண்டிக்கிறோம்.

தாதியம்மாவிடம் ஒரு கேள்வி. எல்லோரும் நனைந்துதான் வருகிறார்கள். முதலில் நின்றவரிடம் "நனைஞ்சிட்டீங்களே" என்று சொன்னது பின்னால் நிற்பவருக்கும் கேட்கிறது. அவர் முறை வரும்போது அதையே சொன்னால் அதுவும் கண்ணாடியில் ஒட்டிய வாசகம்போல் ஆகிவிடாதா?

ஓய்வுபெற்ற தாதி, அட்டன் | ஜூன் 18, காலை 6.30

ஆகிவிடும். ஒரு முறை சொன்னதும் அந்த வாக்கியம் அந்த வரிசைக்குச் செத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் அழகான வாக்கியத்தைத் தேட வேண்டாம் என்கிறேன். எதிரில் நிற்பவரிடமிருந்துதான் வாக்கியத்தை எடுக்க வேண்டும். அதற்கு அவரைப் பார்க்க வேண்டும். பார்க்க மூன்று நொடி போதும்.

எங்கள் பிரிவில் அவசரப்படுகிறவர்களும் கோபப்படுகிறவர்களும் ஒரே மாதிரிதான் சத்தம் போடுவார்கள், ஆனால் காரணம் ஒன்றல்ல. சுவர்க் கடிகாரத்தையோ வாசலையோ அடிக்கடி பார்ப்பவருக்குப் பின்னால் ஒரு பஸ் இருக்கிறது. தோட்டத்துக்குப் போகிற பஸ்ஸைத் தவற விட்டால் அவர் இருட்டில் மலையேறி நடக்க வேண்டும். அவரிடம் நலம் விசாரித்தால் எரிச்சல்தான் கூடும், "எத்தன மணி பஸ்ஸு?" என்று கேட்பதே அவருக்கு வணக்கம். "போன தடவ வந்தப்ப..." என்று தொடங்குகிறவருக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. அந்தக் கதை நமக்குத் தெரியும் என்று காட்டினால்தான் அவர் அமைதியாவார். மூன்றாவது வகையினர், சொன்ன பதிலையே திரும்பத் திரும்பக் கேட்பவர்கள். அவர்கள் கோபக்காரர்கள் அல்லர், பயந்தவர்கள். காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு "எவ்வளவு நேரம் நிக்கிறது?" என்று கத்துகிற தாயிடம் நேரத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. நான் தாயைப் பார்க்காமல் பிள்ளையின் நெற்றியில் கையை வைத்து, "எப்பயிலிருந்து சுடுது?" என்று கேட்பேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கும்போதே அவருடைய குரல் இறங்கிவிடும்.

வகை தவறினால் உடனே தெரியும். முதலில் சொன்ன முறைப்பாட்டையே அதே சொற்களில், இன்னும் உரத்து, இரண்டாம் முறை சொல்வார். அப்படிச் சொன்னால் நாம் இன்னும் அவருக்குக் காது கொடுக்கவில்லை என்று பொருள்.

நானுஓயா ஓட்டோ | ஜூன் 18, இரவு 7.45

தாதியம்மா சொன்ன பஸ் விடயம் எங்களுக்கு ரயில். கொழும்புக்குப் போகிற ரயிலைப் பிடிக்க நுவரெலியாவிலிருந்து பெட்டிகளோடு ஓடி வருபவர்களுக்கு நான் வணக்கம் சொல்வதில்லை. பெட்டியை வாங்கி உள்ளே வைத்து, இயந்திரத்தை இயக்கிய பிறகுதான் "எந்த ரயில்?" என்று கேட்பேன். வண்டி நகரத் தொடங்கியதும் அவர்களே "சுகமா அண்ணே?" என்று கேட்பார்கள். நிற்கிற வண்டியில் இருந்துகொண்டு எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அவர்களுக்கு அது ஏறாது. ஆனால் இறங்கும் இடம்வரை வாய் திறக்காமல் ஓட்டினாலும் தவறு. இந்த ரயிலைப் பிடிக்க முடியாது என்று தெரிந்தால் ஏறும்போதே சொல்லிவிட வேண்டும்.

பதுளை ஆசிரியை | ஜூன் 18, இரவு 8.30

நம் வழக்கத்தில் இதற்கு இடம் இருக்கிறது என்பதை யாரும் சொல்லவில்லையே. சாவு வீட்டுக்கு வருபவரை "வாங்க" என்று நாம் அழைப்பதில்லை. கையைப் பிடிப்போம், அல்லது தலையை அசைத்து ஒதுங்கி இடம் விடுவோம். போகிறவரும் "போயிட்டு வாறேன்" என்று சொல்ல மாட்டார். மனம் நொந்தவரின் முன்னால் சம்பிரதாய வார்த்தையை நிறுத்திவிடுவது நமக்குத் தெரிந்த மரியாதை. கருமபீடத்திலும் அப்படிப் பேசாமல் தலையை மட்டும் அசைத்தால் என்ன?

ஓய்வுபெற்ற தாதி, அட்டன் | ஜூன் 19, காலை 5.55

டீச்சர், சாவு வீட்டில் இருவருக்கும் செய்தி தெரியும். அதனால் மௌனம் பேசுகிறது. கருமபீடத்தில் உள்ளே இருப்பவருக்கு எதுவும் தெரியாது என்றுதான் வெளியே நிற்பவர் நினைக்கிறார். அங்கே பேசாமல் தலையசைத்தால், மேலே அந்தத் தம்பி எழுதிய "என்ன?" என்பதற்கு அதிகத் தூரம் இல்லை. சம்பிரதாயத்தை விடலாம் என்ற வரைக்கும் உங்களோடு உடன்படுகிறேன். அந்த இடத்தைக் காலியாக விடக் கூடாது.

ஓட்டோக்காரத் தம்பி சொன்னதை எல்லா அலுவலகங்களிலும் எழுதி வைக்கலாம். கை வேலையைத் தொடங்கிவிட்டால் வாய் கொஞ்சம் தாமதமானாலும் மன்னிப்பார்கள்.

கருமபீடத்தார் | ஜூன் 19, இரவு 10.15

நேற்றும் இன்றும் நீங்கள் எழுதியவற்றை வைத்து, அந்த அம்மாவின் விண்ணப்பத்தை மனதில் மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அதன் பின்பக்கத்தில் இரண்டு திகதி முத்திரைகள் இருந்தன. மே 21 முத்திரையின் கீழ், மகனுடைய பிறப்புப் பதிவிலக்கம் இல்லாததால் பதிவேட்டில் தேட வேண்டும் என்று குறிப்பு. ஜூன் 4 முத்திரையின் கீழ், சொன்ன ஆண்டின் பதிவேட்டில் பெயர் இல்லை, பிறந்த இடத்தை உறுதிசெய்து வரவும் என்று குறிப்பு. மகன் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்ற இருக்கிறான். அடையாள அட்டைக்கு இந்தச் சான்றிதழ் வேண்டும். பிறப்பு எங்கே நிகழ்ந்ததோ அந்தப் பிரிவின் பதிவாளரிடம்தான் அது பதியப்படும். லயத்தில் வாழ்கிற குடும்பம் தங்கள் தோட்டம் இருக்கிற பிரிவில் தேடச் சொல்லும். பிள்ளையோ நகரத்து ஆஸ்பத்திரியில் பிறந்திருக்கும். இது அடிக்கடி நடப்பது. மூன்றாம் முறை அவர் கையில் கொண்டுவந்தது பிள்ளையின் பழைய கிளினிக் அட்டை. பிறந்த இடத்தைக் காட்டுவதற்குத் தேவையான தாள் அதுதான்.

ஆகவே அவரிடம் சொல்ல வேண்டியது எல்லாம் அவர் தள்ளிய தாளிலேயே எழுதப்பட்டிருந்தது. தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாங்கம்மா. மே இருவத்தொண்ணு, ஜூன் நாலு, ரெண்டு தடவ வந்திருக்கீங்க. பொறந்த எடத்தப் பாத்துட்டு வரச் சொல்லியிருக்கு. அத காட்டுற ஏதாவது கொண்டாந்தீங்களா?" என்று கேட்டிருக்கலாம். இதில் கோபம் என்ற சொல் இல்லை, மன்னிப்பும் இல்லை. ஆனால் அவர் வந்து போனது எங்களுக்குத் தெரியும் என்பதும், அடுத்து எந்தத் தாள் வேண்டும் என்பதும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. வரிசையில் பின்னால் நிற்பவரிடம் இதே வாக்கியத்தைச் சொல்லவும் முடியாது, ஏனென்றால் அவருடைய திகதிகள் வேறு. அடங்கிய குரலில் பேசுகிறவருக்கும் இது பொருந்தும் என்பதால் எனக்கு இது இன்னும் பிடித்திருக்கிறது.

கண்ணாடியின் இடைவெளி இடுப்பு உயரத்தில் இருப்பதால் எல்லோரும் குனிந்துதான் பேசுகிறார்கள். நாங்கள் நாற்காலியில் சாய்ந்திருந்தால் அவர்கள் இன்னும் குனிய வேண்டியிருக்கிறது. இன்று நான் முன்னால் நகர்ந்து அமர்ந்து, தாளை வாங்கும்போதே முகத்தை இடைவெளிக்கு நேராகக் கொண்டுவந்தேன். குரலை உயர்த்த வேண்டிய தேவை இருவருக்கும் குறைந்தது.

விடுதி முகப்பு, நுவரெலியா | ஜூன் 20, காலை 10.40

திகதிகளைச் சொல்வது நல்ல வழிதான். ஆனால் உணர்ச்சியைப் பெயர் சொல்லக் கூடாது என்பதை நான் முழுவதும் ஏற்கவில்லை. தாமதமாக வந்த ரயிலிலிருந்து இறங்கி, அறை இன்னும் தயாராகவில்லை என்று கேள்விப்படுகிற விருந்தினரிடம் "உங்களுக்குக் களைப்பாக இருக்கும்" என்று சொன்னால் தணிகிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். களைப்பைச் சொல்வதற்கும் கோபத்தைச் சொல்வதற்கும் வேறுபாடு இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. களைப்பு யாரையும் குற்றம் சொல்லாது. வெளிநாட்டு விருந்தினர் பலர் கோபத்தைப் பெயர் சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். நம் ஊரில், வரிசையின் முன்னால், அது வேறாக இருக்கலாம்.

தலவாக்கலை இளைஞன் | ஜூன் 20, இரவு 8.20

மன்னிப்பு வேண்டாம் என்று ஏன் எழுதினீர்கள்? மூன்று முறை அலைய வைத்த பிறகு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் குறைந்தா போய்விடும்?

ஓய்வுபெற்ற தாதி, அட்டன் | ஜூன் 21, காலை 6.15

தம்பி கேட்பதில் நியாயம் இருக்கிறது. மே 21 அன்றே "பிள்ளை எங்கே பிறந்தது?" என்று கேட்டிருந்தால் ஒரு வரவு மிஞ்சியிருக்கும். அது அலுவலகத்தின் குறை. "அன்னைக்கே கேட்டிருக்கணும், கேக்கல" என்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும். எதற்காக என்று சொல்லாமல் எல்லோரிடமும் பொதுவாக "மன்னிக்கவும்" என்று தொடங்கினால் அதுவும் ஒட்டிய வாசகமாகிவிடும். குறை நம்முடையதா என்று தெரியாத முதல் நொடியில் மன்னிப்பைத் தள்ளி வைத்து, தெரிந்ததும் குறையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

வரவேற்கும்போதே வாக்குறுதி கொடுப்பது இன்னொரு ஆபத்து. கோபத்தைத் தணிக்கும் ஆசையில் "இன்னைக்கே முடிச்சுத் தாறேன்" என்று சொல்லிவிடுவோம். முடியாவிட்டால் நான்காவது வரவில் எந்தத் திகதியை வாசித்தும் பயனில்லை. நம் கையில் இருக்கிற அடுத்த படியை மட்டும் சொல்லுங்கள்.

கருமபீடத்தார் | ஜூன் 21, இரவு 9.30

ஒன்றில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. என் பக்கத்துக் கருமபீடத்தில் சில நாட்கள் சிங்களம் மட்டும் சரளமாகத் தெரிந்த ஒரு சகோதரர் அமர்வார். அவருக்குத் தமிழில் உறுதியாகத் தெரிந்தது கண்ணாடியில் ஒட்டிய அந்த வாசகம் ஒன்றுதான். அதைச் சொல்லி முடித்ததும் எதிரில் நிற்பவர் தமிழில் கொட்டத் தொடங்கிவிடுகிறார், இவர் விழிக்கிறார். தாளை எடுத்துவிட்டால் அவருக்குச் சொல்ல எதுவுமே இருக்காது. அவரிடம் நான் என்ன சொல்வது?

நானுஓயா ஓட்டோ | ஜூன் 22, காலை 7.20

மொழி தெரியாத வெளிநாட்டவரிடம் நாங்கள் கைப்பேசியில் ரயில் நேரத்தைக் காட்டி, விரலால் கடிகாரத்தைத் தொட்டுக் காட்டுகிறோம். முத்திரையின் மேல் விரலை வைத்துத் தாளை அவர் பக்கம் திருப்பட்டும். திகதி எழுதிய எண்ணை வாசிக்க இருவருக்கும் ஒரே எழுத்துத்தானே.

ஓய்வுபெற்ற தாதி, அட்டன் | ஜூன் 22, காலை 8.05

அதோடு "வாங்கம்மா, ரெண்டு தடவ வந்திருக்கீங்க" என்ற ஒன்றை மட்டும் அவருக்குத் தமிழில் சொல்லிக் கொடுங்கள். எண்ணை மாற்றிக்கொள்ள அவருக்குத் தெரிந்தால் போதும். அடுத்து உங்கள் பக்கம் கையைக் காட்டி ஆளை அனுப்பும்போது, அந்தத் தாளையும் அவரே உங்கள் கையில் கொடுக்கட்டும். வந்தவர் கதையை மறுபடியும் முதலிலிருந்து சொல்ல நேர்ந்தால் செய்ததெல்லாம் வீண். தமிழில் கொட்டித் தீர்க்கிறவரை அவர் எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், எப்போது இடைமறிக்கலாம் என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. சிங்களத் தாதியர் சிலர் புரியாவிட்டாலும் கடைசிவரை கேட்டார்கள், சிலர் கையமர்த்தி என்னைக் கூப்பிட்டார்கள்; இரண்டுக்கும் நன்றி சொன்ன நோயாளரையும் திட்டிய நோயாளரையும் பார்த்திருக்கிறேன்.